வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும்: ஒன்பதாம் வகுப்பு, மூன்று நிலைப் பயிற்சித் தாள்

காலம்: 40 நிமிடம்

மாணவர்களே, கீழே ஒரே பாடத்திற்கு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று பகுதிகள் உள்ளன. அரும்பின் முதல் வினாவை அனைவரும் செய்ய வேண்டும். அதில் ஐந்துக்கும் மேல் சரியாக வந்தவர்கள் நேராக மொட்டுக்குச் செல்லலாம். மொட்டு எளிதாக இருந்தால் மலரைத் தொடங்கலாம். கடினமாக இருந்தால் அரும்புக்குத் திரும்பி வருவதில் தவறொன்றும் இல்லை. காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் நம்பி எழுதாமல், ஒவ்வொரு விடைக்கும் ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அரும்பு

1. சரியானதைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
அ) அந்த பறவை / அந்தப் பறவை
ஆ) பாலை குடித்தான் / பாலைக் குடித்தான்
இ) பள்ளிக்கு சென்றாள் / பள்ளிக்குச் சென்றாள்
ஈ) தம்பி படித்தான் / தம்பிப் படித்தான்
உ) அது பறந்தது / அதுப் பறந்தது
ஊ) தாய்தந்தை / தாய்த்தந்தை

2. சேர்த்து எழுதுக: இ + பக்கம், பூ + பந்தல், மல்லிகை + பூ, எட்டு + தொகை.

3. ‘ஐ’ உருபு வரும் தொடர் ஒன்றும் ‘கு’ உருபு வரும் தொடர் ஒன்றும், உங்கள் வீட்டில் இன்று காலை நடந்ததைக் கொண்டு எழுதுக. உருபை அடுத்து வரும் சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்க வேண்டும்.

மொட்டு

4. கீழ்க்காணும் பத்தியில் எட்டு இடங்களில் ஒற்று விடுபட்டுள்ளது. அவற்றைச் சேர்த்துப் பத்தியைத் திருத்தி எழுதுக. மிகக் கூடாத இடங்களும் நடுவே உள்ளன. எட்டுக்கு மேல் சேர்த்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

நேற்று மாலை எங்கள் தெருவில் உள்ள மருந்து கடைக்கு போனேன். அந்த கடையில் கூட்டம் மிகுதி. மருத்துவர் எழுதிய சீட்டை கொடுத்து காத்திருந்தேன். அங்கு வந்த பெரியவர் ஒருவர், “தம்பி, எனக்கு கண் தெரியவில்லை, விலையை படித்து சொல்” என்றார்.

5. ‘அந்தப் பையன்’ என்பதில் ஒற்று மிகுகிறது. ‘வந்த பையன்’ என்பதில் மிகவில்லை. இரண்டு நிலைமொழிகளும் ‘அ’ என்னும் ஒலியிலேயே முடிகின்றன என்றால், வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

6. ‘ஓடாக் குதிரை’, ‘ஓடாத குதிரை’ ஆகியவற்றுள் முதலாவதில் மட்டும் ஒற்று மிகுவது ஏன்?

மலர்

7. ஓர் ஒற்று, பொருளையே மாற்றிவிடுவதும் உண்டு. ஒவ்வோர் இணையிலும் இரண்டின் பொருளையும் எழுதுக.
அ) வேலை தேடினான் / வேலைத் தேடினான்
ஆ) பொய் சொல் / பொய்ச்சொல்
இ) நடுகல் / நடுக்கல்

8. “ஐகாரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் வல்லினம் வந்தால் எப்போதும் மிகும்” என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். ‘யானை பிளிறியது’ என்னும் தொடரைக் கொண்டு அவருடைய விதியை மறுத்து, அது சரியாகும்படி திருத்தி எழுதுக.

9. “கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக” (குறள் 391)
இக்குறளில் இரண்டு இடங்களில் வல்லினம் மிகுந்தும், ‘கற்க கசடற’, ‘கற்பவை கற்றபின்’ ஆகிய இடங்களில் மிகாமலும் வந்துள்ளது. நான்கிற்கும் காரணம் கூறுக. இத்தாளில் மிகக் கடினமான வினா இதுவே; இருவராகப் பேசி எழுதலாம்.

விடைக்குறிப்பு (எழுதி முடித்த பிறகு பார்க்க)

1. அந்தப் பறவை, பாலைக் குடித்தான், பள்ளிக்குச் சென்றாள், தம்பி படித்தான், அது பறந்தது, தாய்தந்தை.

2. இப்பக்கம், பூப்பந்தல், மல்லிகைப்பூ, எட்டுத்தொகை.

4. மருந்துக் கடைக்குப் போனேன், அந்தக் கடையில், சீட்டைக் கொடுத்துக் காத்திருந்தேன், எனக்குக் கண், விலையைப் படித்துச் சொல். ‘எழுதிய சீட்டை’, ‘வந்த பெரியவர்’ ஆகியவை பெயரெச்சத் தொடர்கள் என்பதால் மிகவில்லை.

5. ‘அந்த’ என்பது சுட்டு. ‘வந்த’ என்பது பெயரெச்சம்.

6. ‘ஓடா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; அதன் பின் மிகும். ‘ஓடாத’ என்பதில் ஈறு கெடவில்லை.

7. அ) பணியைத் தேடினான் / வேல் என்னும் படைக்கலத்தைத் தேடினான். ஆ) பொய்யைச் சொல் என்னும் ஏவல் / பொய்யான சொல். இ) வீரர் நினைவாக நடப்பட்ட கல் (வினைத்தொகை) / நடுவில் உள்ள கல்.

8. ‘யானை’ என்பதில் உள்ள ஐகாரம் சொல்லின் பகுதியே அன்றி வேற்றுமை உருபு அன்று. சொல் எழுவாயாக நிற்பதால் மிகவில்லை. “இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ வெளிப்பட்டு வரும்போது மிகும்” என விதியைத் திருத்த வேண்டும். ‘மல்லிகைப்பூ’ போன்ற இருபெயரொட்டில் மிகுவது வேறு விதியால் என்று எழுதியவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் உண்டு.

9. ‘கற்க’ வியங்கோள் வினைமுற்று என்பதால் மிகவில்லை. ‘கசடற’ அகர ஈற்று வினையெச்சம் என்பதால் மிகுந்தது. ‘கற்பவை கற்றபின்’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்து இரண்டாம் வேற்றுமைத் தொகையாக நிற்பதால் மிகவில்லை. ‘அதற்கு’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட்டிருப்பதால் மிகுந்தது.