கோடு எங்கே அதிகம் செங்குத்தாக ஏறுகிறது?
11ஆம் வகுப்பு கணிதம் – சாய்வு: முதல் வகுப்புக்கான பாடத்தாள்

இன்றைக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. வரைபடத்தாள், நன்றாகச் சீவிய பென்சில், ஒரு ஸ்கேல், இவ்வளவுதான் வேண்டும்.

2009 ஆகஸ்ட் 16, பெர்லின். உலகத் தடகளப் போட்டியில் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஒவ்வொரு 20 மீட்டரையும் அவர் எந்த நேரத்தில் கடந்தார் என்று அளந்து வைத்திருக்கிறார்கள்:

20 மீ – 2.89 வினாடி
40 மீ – 4.64 வினாடி
60 மீ – 6.31 வினாடி
80 மீ – 7.92 வினாடி
100 மீ – 9.58 வினாடி

கிடை அச்சில் நேரம்: 1 செ.மீ.க்கு 1 வினாடி. செங்குத்து அச்சில் தூரம்: 1 செ.மீ.க்கு 10 மீட்டர். புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்து இணைக்க வேண்டாம், கையாலேயே வளைவாக இழுங்கள். 20 மீட்டர் குறியைத் தாண்டிய நொடியில் யாரும் சட்டென்று வேகத்தை மாற்றுவதில்லை அல்லவா?

தொடக்கத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் உடல் அசைய 0.146 வினாடி ஆனது. அதுவரை தூரம் பூஜ்யம்தான். எனவே உங்கள் கோடு முதல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு அச்சின் மேலேயே படுத்திருக்கும். நேரம் போகிறது, தூரம் கூடவில்லை. படுத்திருக்கும் கோட்டுக்கு இதுதான் பொருள். அதன் பிறகே மெல்ல நிமிரத் தொடங்குகிறது.

இப்போது கேள்வி. அவர் மிக வேகமாக ஓடியது எந்த 20 மீட்டரில்? அட்டவணையை மூடிவிட்டு, வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசி 20 மீட்டர் என்று சொல்லத் தோன்றும், ஏனென்றால் கோடு அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் கோட்டின் உயரம் அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு வேகமாக வந்துகொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பின்னால் வரப்போகும் வகையிடலில் பாதிக் குழப்பம் இப்போதே தீர்ந்துவிடும்.

சரி, வேகத்தை எங்கே பார்ப்பது? அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே படிக்கட்டு மாதிரி வரையுங்கள்: முதலில் வலப்பக்கம், அப்புறம் மேலே. எல்லாப் படிகளும் 20 மீட்டர் உயரந்தான், அகலம் மட்டும் மாறுகிறது. முதல் படி 2.89 வினாடி அகலம். அடுத்தவை 1.75, 1.67, 1.61, கடைசியாக 1.66. நான்காவது படிதான் மிகவும் ஒடுக்கமானது, அதனால் அதிகச் செங்குத்தும் அதுவே. ஆகவே மிக வேகமான பகுதி 60 முதல் 80 வரை. கடைசி 20 மீட்டரில் அவர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறார். 80 மீட்டருக்குப் பிறகு கோடு லேசாகச் சாய்வது கண்ணுக்குத் தெரிகிறதா? ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு படியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒரு வினாடி வலப்பக்கம் நகர்ந்தால், எத்தனை மீட்டர் மேலே போகிறோம்? நான்காவது படியில் 1.61 வினாடிக்கு 20 மீட்டர் என்றால், ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 12.4 மீட்டர். முதல் படியில் 6.9 மீட்டர்தான். இந்த எண்ணைத்தான் சாய்வு என்கிறோம். நேரம் மாறும்போது தூரம் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதை அது சொல்கிறது.

பாகைமானியை எடுக்காதீர்கள். செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 20 மீட்டர் என்று வைத்து மறுபடி வரைந்தால் கோடு தாழ்ந்துவிடும், கோணம் குறைந்துவிடும். அதற்காகப் போல்ட் மெதுவாக ஓடிவிட்டார் என்று ஆகுமா? அச்சுகளில் எழுதிய அளவைக் கொண்டு கணக்கிட்டால் அதே 12.4 தான் வரும். அதனால்தான் ‘வினாடிக்கு மீட்டர்’ என்ற அலகை எழுதாத விடையை நான் ஏற்பதில்லை.

அடுத்து, தொடக்கப் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஸ்கேலால் நேராக இணையுங்கள். இதன் சாய்வு வினாடிக்கு 10.4 மீட்டர். முழு ஓட்டத்தின் சராசரி அது. உங்கள் வளைவு முழுவதும் இந்த நேர்கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அப்படியானால், வளைவும் கோடும் ஒரே அளவு சாய்ந்திருக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும். ஸ்கேலைச் சாய்வு மாறாமல் கீழே நகர்த்தி, அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

வீட்டுப்பாடம்: சரியாக 7ஆவது வினாடியில் அவருடைய வேகம் என்ன? 6.31க்கும் 7.92க்கும் இடையே சராசரி நமக்குத் தெரியும், ஆனால் கேள்வி ஒரு கணத்தைப் பற்றியது. அங்கே படி வரைய அகலமே இல்லை. 7ஆவது வினாடிப் புள்ளியில் வளைவைத் தொட்டுக்கொண்டு மட்டும் போகும்படி ஸ்கேலை வைத்து நீளமாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் ஒரு பெரிய படி வரைந்து சாய்வைப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவரின் விடையும் உங்களுடையதும் சற்று வேறுபடும். எவ்வளவு வேறுபடுகிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதி வாருங்கள். நாளை வகுப்பை அங்கிருந்து தொடங்குவோம்.