மதிப்பாய்வாளர் 2, கருத்து 3-க்கு மறுமொழி: ஃபுளோரைடு அளவீட்டு முறை

கட்டுரை: தருமபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃபுளோரைடு (64 கிணறுகள்)

மதிப்பாய்வாளரின் கருத்து

"ஃபுளோரைடை ஸ்பாட்ன்ஸ் நிறமானி முறையில் மட்டுமே அளந்திருக்கிறார்கள். காரத்தன்மை மிகுந்த இப்பகுதி நீரில் இம்முறை குறைத்துக் காட்டும். தரக்கட்டுப்பாட்டு விவரம் ஒன்றும் இல்லை. மழைக்குப் பின் ஃபுளோரைடு குறைகிறது என்ற முடிவுக்கு ஆதாரம் போதாது. எல்லா மாதிரிகளையும் அயனித் தேர்வு மின்முனையால் மீண்டும் அளக்க வேண்டும்."

முதல் வரைவு (அனுப்ப வேண்டாம்)

"ஸ்பாட்ன்ஸ் எல்லா ஆய்வகங்களிலும் பயன்படும் ஏற்கப்பட்ட முறை. மதிப்பாய்வாளர் முறையியல் பகுதியைக் கவனமாகப் படித்ததாகத் தெரியவில்லை. தரக்கட்டுப்பாடு வழக்கப்படி செய்யப்பட்டது. மழைநீர் கலந்தால் ஃபுளோரைடு குறையும் என்பது யாவரும் அறிந்தது. மீண்டும் அளக்க வேண்டிய தேவை இல்லை."

(இணை ஆசிரியர்களுக்கு: இதில் ஓர் எண்கூட இல்லை. அவர் கேட்டதே எண்களைத்தான். கீழே உள்ளதை அனுப்பலாம்.)

அனுப்பவேண்டிய மறுமொழி

அளவீட்டு முறையின் எல்லைகளைக் கவனப்படுத்தியதற்கு நன்றி. தரக்கட்டுப்பாட்டு விவரங்கள் கட்டுரையில் இல்லை என்பது உண்மை. அது எங்கள் விடுபாடு. இக்கருத்தை ஒட்டிப் புதிய அளவீடு ஒன்றைச் செய்தோம். அதன் விளைவாக எங்கள் முடிவுகளில் ஒன்றை நீக்கியும் ஒன்றைத் திருத்தியும் இருக்கிறோம்.

*முறை ஒப்பீடு.* முன்பு எடுத்த மாதிரிகள் 28 நாள் சேமிப்புக் காலத்தைக் கடந்துவிட்டதால் அவற்றை மீண்டும் அளக்கவில்லை. அப்படி அளந்திருந்தால், வேறுபாடு முறையால் வந்ததா சேமிப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனவே 0.4 முதல் 4.1 மி.கி./லி. வரையிலான வீச்சு முழுவதையும் தழுவும்படி 20 கிணறுகளைத் தேர்ந்து, பாலிஎத்திலீன் குப்பிகளில் புதிதாக மாதிரி எடுத்து, அதே வாரத்தில் இரு முறைகளிலும் அளந்தோம். மின்முனை அளவீட்டில் மாதிரிக்குச் சம அளவு தாங்கல் கரைசல் சேர்த்து பிஎச் மதிப்பை 5.0–5.5-க்குள் நிறுத்தினோம். மின்முனையின் சரிவு ஒவ்வொரு பத்து மடங்குச் செறிவுக்கும் −58 மில்லிவோல்ட்.

மின்முனை மதிப்பிலிருந்து ஸ்பாட்ன்ஸ் மதிப்பைக் கழித்தால் சராசரி வேறுபாடு +0.07 மி.கி./லி., திட்டவிலக்கம் 0.09. அதாவது 95% ஒத்திசைவு எல்லை −0.11 முதல் +0.25 வரை. ஸ்பாட்ன்ஸ் குறைத்துக் காட்டும் என்று மதிப்பாய்வாளர் சொன்ன திசை சரியே.

ஆனால் அதற்குக் காரணம் காரத்தன்மை என்று எங்களால் கருத முடியவில்லை. நீர்ப் பகுப்பாய்வின் நிலையான செய்முறை நூலின்படி, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட காரத்தன்மை 5000 மி.கி./லி. இருந்தால்தான் 0.1 மி.கி./லி. அளவுக்குப் பிழை வரும். எங்கள் மாதிரிகளில் அதிகபட்சம் 610. அதே நூலின்படி வெறும் 0.1 மி.கி./லி. அலுமினியமே அந்த அளவு பிழையைத் தரும் என்பதால் அதையும் சோதித்தோம். வேறுபாடு மிகுந்த ஆறு மாதிரிகளிலும் அலுமினியம் 0.03-க்குக் கீழேதான் இருந்தது. பெரிய வேறுபாடுகள் (0.23, 0.25) இரண்டுமே ஐந்து மடங்கு நீர்த்த மாதிரிகளில் வந்தவை. ஸ்பாட்ன்ஸ் முறை 1.4 மி.கி./லி. வரைதான் நேராகப் பயன்படும் என்பதால் 29 மாதிரிகளை நீர்த்திருந்தோம்: 18 இரு மடங்கு, 11 ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு நீர்த்ததில் 0.05 பிழை நேர்ந்தால் இறுதி மதிப்பில் அது 0.25 ஆகிவிடும். ஆகவே நீர்த்தலே முதன்மைக் காரணம் என்று கருதுகிறோம். நீர்த்த மாதிரிகள் அனைத்தும் அட்டவணை 2-இல் நீர்த்தல் மடங்குடன் குறிக்கப்பட்டுள்ளன.

*தரக்கட்டுப்பாடு.* வரிகள் 118–131 புதியவை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று மாதிரி, பத்துக்கு ஒன்று இரட்டை அளவீடு. இரட்டை அளவீடுகளின் திட்டவிலக்கம் 0.04 மி.கி./லி. 12 மாதிரிகளில் 0.5 மி.கி./லி. ஃபுளோரைடு சேர்த்து அளந்ததில் 11-இல் மீட்பு 94–104%, ஒன்றில் 88%. அந்த ஒன்றும் ஐந்து மடங்கு நீர்த்ததே. அதை விலக்காமல் அட்டவணையில் வைத்திருக்கிறோம். 50 மி.லி. மாதிரிக்கு 10 மி.லி. வினைபொருள் என்ற அளவும், மாதிரியும் நியமக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருந்ததும் இப்போது எழுதப்பட்டுள்ளன. இம்முறையில் ஃபுளோரைடு கூடக்கூட நிறம் வெளிறும். வினைபொருளின் அளவு சற்று மாறினாலும் அதே வெளிறல் நேரும் என்பதால் இந்த விவரம் வாசகருக்குத் தேவை.

*வரம்பைத் தாண்டிய கிணறுகள்.* ஒப்பீட்டு எல்லைகளின்படி, ஸ்பாட்ன்ஸ் மதிப்பு 1.25-க்கும் 1.61-க்கும் இடையில் இருந்தால் அக்கிணறு 1.5 மி.கி./லி. வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பு "27 கிணறுகள் (42%) வரம்பைத் தாண்டின" என்று எழுதியிருந்தோம். இப்போது: 24 உறுதியாகத் தாண்டியவை (37.5%), 7 ஐயத்துக்குரியவை, 33 வரம்புக்குள். சுருக்கத்திலும் வரி 204-இலும் படம் 3-இலும் இவ்வாறே மாற்றியுள்ளோம்.

*மழைக்குப் பிந்தைய குறைவு.* இம்முடிவை நீக்கிவிட்டோம். மே, ஜனவரி இரு மாதங்களிலும் அளந்தவை 18 கிணறுகள் மட்டுமே. அவை அனைத்தும் திறந்தவெளிக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறு ஒன்றுகூட இல்லை. 13-இல் குறைந்தது, 4-இல் கூடியது, ஒன்றில் மாற்றமில்லை (குறிச் சோதனை, p = 0.049). நடுமதிப்புக் குறைவு 0.12 மி.கி./லி.; ஒரே மாதிரியை இருமுறை அளந்தாலே 0.11 வரை வேறுபாடு வரக்கூடும் (2.77 × 0.04). இவ்வளவு குறுகிய இடைவெளியை வைத்துப் பருவ விளைவு என்று சொல்வது பொருந்தாது. வரிகள் 241–249 அகற்றப்பட்டன. தரவு மட்டும் துணை அட்டவணை 4-இல் உள்ளது.

*மறு அளவீடு பற்றி.* 64 கிணறுகளையும் மின்முனையால் மீண்டும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரையை முழுமையாக நிறைவேற்றவில்லை. இப்போது மாதிரி எடுத்தால் அது வேறொரு காலத்தின் நீராகவே இருக்கும். ஜனவரி மதிப்புகளை அதைக்கொண்டு திருத்த இயலாது. உறுதியாகத் தாண்டியதாகச் சொல்லும் 24 கிணறுகளும் ஒப்பீட்டுப் பிழையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் மைய முடிவு நிற்கிறது என்பது எங்கள் கருத்து. எனினும் ஐயத்துக்குரிய 7 கிணறுகளை மட்டுமாவது மின்முனையால் அளந்து, தேதியுடன் தனிப் பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று மதிப்பாய்வாளரோ ஆசிரியரோ கருதினால், மூன்று வாரத்தில் செய்து தருகிறோம்.

20 கிணறுகளின் இணை அளவீடுகள் அனைத்தும் துணை அட்டவணை 3-இல் இணைக்கப்பட்டுள்ளன.