ழகரம் பழக ஒரு பாட்டு வேண்டும் ஐயா

ஐயா, வணக்கம். வாடிப்பட்டியில் உங்களிடம் பத்தாம் வகுப்பு படித்த பூக்கடைக்காரர் மகள் எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா?

வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை. செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்து கேட்டேன். வேகம் சரி, மூச்சும் சரி. ழகரம்தான் உதைக்கிறது.

எங்கள் வீட்டில் வாளப்பளம், மளை என்றுதான் பேச்சு. ஆனாலும் ழ எனக்கு வராது என்று சொல்ல முடியாது. நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்தினால் தனியாக வந்துவிடுகிறது. பக்கத்தில் ள வந்தாலோ, ழ அடுத்தடுத்து வந்தாலோதான் நுனி போய் ஒட்டிக்கொள்கிறது. ‘கள்ளழகர் வைகையில் எழுந்தருளினார்’ என்று வாசித்தால் ‘கள்ளளகர் எளுந்தருளினார்’ என்றே விழுகிறது. மதுரையில் செய்தி வாசிக்க வருகிறவள் அழகர் பேரையே இப்படிச் சொன்னால் யார் விடுவார்கள்? ‘காற்றழுத்தத் தாழ்வு நிலை’யும் அப்படியே. ழுவில் தப்பித்தால் ழ்வில் மாட்டுகிறேன்.

‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்’ எனக்கு மனப்பாடம். அதில் ள என்பதே இல்லை, எல்லாம் ழ. அதனால் மொத்தத்தையும் ள போட்டுச் சொன்னாலும் தாளம் கெடாமல் ஓடிவிடுகிறது, தப்பு பிடிபடுவதில்லை. எனக்கு வேண்டியது ல, ள, ழ மூன்றும் மாறி மாறி வரும் பாட்டு. ஒன்று பிசகினாலும் அர்த்தம் மாறி மானம் போக வேண்டும். கிளி கிழியாக, இலை இழையாக ஆகிவிடுகிற மாதிரி. நானே கட்டிப் பார்த்தது இவ்வளவுதான்:

ஏழு கிளி இலை கிழிக்க,
கிழிந்த இலைவழி மழை ஒழுக,
ஒழுகும் மழையில் களை முளைக்க…

இதற்கு மேல் ஓடவில்லை. இதையே நீட்டித் தந்தாலும் சரி, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதினாலும் சரி. நாலைந்து வரி போதும், இரண்டு மூச்சில் சொல்லி முடிக்கிற அளவு. சோழவந்தான், கீழவாசல், பழமுதிர்சோலை என்று நம் பக்கத்து ஊர்ப்பேர் இரண்டு மூன்று வந்தால் ரொம்ப உதவி. செய்தியில் தினமும் வரக்கூடியவை. சினிமா மெட்டில் மட்டும் வேண்டாம், நாக்கு மெட்டோடு ஓடிவிடும்.

ற, ர பற்றிக் கவலைப்படவில்லை. ண, ன கொஞ்சம் இடறும், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதி அனுப்புவதோடு, ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்ப முடியுமா ஐயா? நாக்கு எங்கே நிற்கிறது என்பது காதில் கேட்டால்தான் எனக்குப் புரியும். வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்து சொல்லிக் காட்டுகிறேன். தப்பு வந்தால் வகுப்பில் செய்த மாதிரி அங்கேயே நிறுத்தி முதலிலிருந்து சொல்ல வையுங்கள்.