சித்தப்பாவுக்கு, தாரை வார்த்துத் தரக் கேட்டு

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்தது பத்திரிகை மாதிரியைக் காட்ட மட்டும் இல்லை. ஒரு விஷயம் கேட்கத்தான் வந்தேன். சித்தி காபி கொடுத்தாள், நீங்கள் மண்டபத்துக்கு எவ்வளவு முன்பணம் கட்டினீர்கள் என்று கேட்டீர்கள், அப்புறம் பேச்சு எங்கேயோ போய்விட்டது, கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிற விஷயமா இது என்று தோன்றி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்தில் அப்பா இடத்தில் உட்கார்ந்து என்னை நீங்களும் சித்தியும் தாரை வார்த்துத் தர வேண்டும்.

மாமாதானே செய்வார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மாமாவிடம் நானே பேசினேன். மாலை எடுத்துக் கொடுப்பது, தாய்மாமன் சீர், அதெல்லாம் அவருடையது, அதில் குறை வைக்க மாட்டார். "தாரை வார்ப்பது உங்க அப்பா வழிதான்மா, உன் சித்தப்பாவைக் கேள்" என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே யாரும் மனம் வருந்துவார்களோ என்று நீங்கள் யோசிக்க வேண்டாம்.

முறை என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. தாரைக்கு முன்னால் மூன்று தலைமுறை சொல்வார்களாம், இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று. மகள் என்கிற இடத்தில் அப்பா பெயரைத்தான் சொல்ல வேண்டும், அது மாறாது என்று ஐயர் சொன்னார். அப்பா பெயரை அந்த இடத்தில் யார் வாயால் கேட்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன், உங்களைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. தாத்தா பெயரும் கொள்ளுத்தாத்தா பெயரும் உங்களுக்கும் அதேதான், காகிதத்தில் எழுதி வைத்துப் படிக்க வேண்டியதில்லை.

கல்யாணப் பேச்சில் இதைச் சொல்லக் கூடாது என்பார்கள், பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பிள்ளை இல்லாத வீடு, யார் கொள்ளி வைப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நின்றீர்கள். அந்த வீட்டு விவகாரத்தில் உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒன்றரை வருஷம் பேச்சு இல்லாமல் இருந்த பிறகும். அது என் மனசில் அப்படியே நிற்கிறது என்று நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. அண்ணன் இடத்தில் நான் எப்படி உட்காருவது என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றீர்கள், இன்றைக்கும் நீங்களே நில்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றி. மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். இதில் எனக்குக் கோபம்தான், இரண்டு நாள் சண்டை போட்டேன், அசையவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டோம்: சித்தி செம்பிலிருந்து தண்ணீர் வார்க்கும்போது அம்மா பின்னால் நின்று செம்பைத் தொட்டுக்கொண்டிருப்பாள். ஐயரிடம் கேட்டாயிற்று, தடையில்லை என்றார். சித்தியிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், சொந்தக்காரர்கள் யாராவது முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. தை 21, முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை. நீங்களும் சித்தியும் முதல் நாள் மாலையே மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும், காலையில் தாரை முடியும்வரை விரதம் இருக்க வேண்டும். மாத்திரை போட வேண்டியிருப்பதால் பால் மட்டும் குடிக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன், குடிக்கலாம் என்றார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார வேண்டாம், உயரமான மணை ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். செலவு எதுவும் உங்கள் தலையில் விழாது, அம்மா இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னாள்.

உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன், நீங்கள் எனக்குச் சித்தப்பா இல்லாமல் போய்விட மாட்டீர்கள். ஆனால் புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது, பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அழைப்பவர்கள் என்று அம்மா பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் சித்தி பெயரும் போட வேண்டும்.

இன்னொன்று. அம்மா உங்களுக்குப் பட்டு வேட்டி எடுக்கப் போகிறாள். சின்னக் கரைதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னேன், இல்லை அது உங்க அப்பாவுக்கு என்கிறாள் அம்மா. யார் சொல்வது சரி?

பாப்பா