வினா: சமூக நிறுவனம் – வரையறுத்து, இரு சான்றுகளுடன் மதிப்பிடுக (10 மதிப்பெண்கள்)

சமூக நிறுவனம் என்பது கட்டடமோ அலுவலகமோ அல்ல. சமூகத்தின் அடிப்படைத் தேவை ஒன்றை நிறைவேற்ற, தலைமுறைகளாக நிலைத்துவிட்ட விதிகள், ஒவ்வொருவரும் வகிக்கும் பொறுப்புகள், நடைமுறைகளின் தொகுப்பே அது. ஆட்கள் மாறினாலும் விதி தொடரும்.

முதல் சான்று, குடும்பம். குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, சொத்துரிமை இதன் பணிகள். கல்யாண வீட்டு மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய மொய்யை அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் பேச்சு வரும். எழுதாத விதிதான், ஆனாலும் கட்டுப்படுத்துகிறது.

அடுத்தது கல்வி. பாடத்தோடு நேரம் தவறாமையையும் பழக்குகிறது.

மதிப்பீடு: ஒவ்வொரு நிறுவனமும் சமூகம் இயங்க ஒரு பணியைச் செய்கிறது என்னும் செயல்பாட்டியலாளர்கள் இவற்றில் ஒழுங்கைக் காண்கிறார்கள், மார்க்சியர்களும் பெண்ணியவாதிகளும் ஏற்றத்தாழ்வைக் காண்கிறார்கள். பின்னவர் வாதமே வலுவானது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைக்க, தமிழ்நாட்டில் 1989-லும் இந்திய அளவில் 2005-லும் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. குடும்பம் தானாகக் கொடுத்துவிடவில்லை.