உளையுது

"வலிக்குதா ஆச்சி?"

"வலிலாம் இல்லட்டி. உளையுது."

டாக்டரிடம் திரும்பி, "தர்த் நஹீ ஹை" என்றேன். அடுத்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது.

ராத்திரி 2 மணி. இந்த ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க என்று தனியாக ஆள் கிடையாது. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் ரெக்கார்டு ரூமிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். ஆச்சிக்கு 68 வயது. தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் வீடு. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தது முதல் இட்லி வியாபாரம்தான். விலை சொல்லுமளவுக்கு இந்தி வரும். உடம்பைச் சொல்ல வராது.

வலி இல்லை என்றதும் டாக்டர், "கேஸ் ஹோகா", வாயுவாக இருக்கும் என்று சீட்டில் மாத்திரை எழுத ஆரம்பித்தார். ஆச்சிக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

உளைச்சலுக்கு இந்தியில் என்ன? ஜலன் என்றால் எரிச்சல். ஜுன்ஜுனி என்றால் மரமரப்பு. தகான் என்றால் களைப்பு, அதைச் சொன்னால் போய்த் தூங்கச் சொல்வார். எங்கள் அம்மா வேலைக்குப் போய் வந்த ராத்திரிகளில் குப்புறப் படுத்துக்கொண்டு, "கால் உளையுதுட்டி, ஏறி மிதி" என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் மேல் நடப்பேன். இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட அவளால் முடியாது. எலும்புக்குள் யாரோ மெதுவாகத் திருகுகிற மாதிரி இருக்கும் என்பாள். அதை எப்படி ஒரு சொல்லில் சொல்வது?

"எங்க ஆச்சி உளையுது?"

இடது தாடையைத் தொட்டாள். அங்கிருந்து தோள், முழங்கை, சுண்டுவிரல் என்று தடவிக்கொண்டே வந்தாள். "சாயங்காலத்துலேர்ந்து. கிரைண்டரு கெட்டுப்போன அன்னைக்கு ஆட்டுக்கல்லுல நாலு படி ஆட்டுனேம்லா, அதே மாதிரி."

"சார், எழுதாதீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன் இந்தியில். பேனா நின்றது. "இவங்க இதை வலின்னு சொல்ல மாட்டாங்க. ராத்திரி முழுக்கக் கல்லுல மாவரைச்சா கை எப்படி இருக்கும், அப்படி இருக்காம். தாடையிலேர்ந்து விரல் வரைக்கும். இன்னைக்கு இவங்க எதுவும் அரைக்கல."

"ஷுகர் இருக்கா?"

கேட்டேன். 15 வருஷமாக இருக்கிறது.

டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஈசிஜி மிஷினுக்குக் குரல் கொடுத்தார். ஷுகர்காரர்களுக்கு ஹார்ட் அட்டாக் பல சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் வரும் என்று எலெக்ட்ரோடு ஒட்டிக்கொண்டே சொன்னார். தாள் வெளியே வந்தது. பாதி பார்த்ததுமே ஆஸ்பிரினை ஆச்சி கையில் கொடுத்து மென்று தின்னச் சொல்லிவிட்டு, கார்டியாலஜிக்குப் போன் போட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட என்னத்தட்டி அவ்வளவு நேரம் பேசுன?"

"நீங்க மாவாட்டுனதச் சொன்னேன் ஆச்சி."

"அரிசி ஊறுது. மருமவட்ட சொல்லிரு, புளிச்சிரப் போவுது."