அலைவாய்க் கரையில் எருசலேம்

(தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தின் 308ஆம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கான கீர்த்தனை. 2026 அக்டோபர் 11, ஞாயிறு காலை ஆராதனையில் பாடப்படும். பல்லவியைச் சபையார் எல்லோரும், சரணங்களைப் பாடகர் குழுவினர், கும்மியை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பாடவும். வசனங்களை நிதானமாக வாசிக்கவும். சுருதிப் பெட்டி மட்டும் ஒலிக்கட்டும், கீபோர்டு வேண்டாம்.)

ராகம்: செஞ்சுருட்டி. தாளம்: ஆதி

பல்லவி

அலைவாய்க் கரையில் எருசலேம் – எங்கள்
அன்னையர் தந்தையர் ஆலயம்!

அனுபல்லவி

விலைதந்து மீட்டவர் கிருபையினால் – இங்கு
நிலைகொண்ட தென்று நாம் பாடிடுவோம் (அலைவாய்)

வசனம்

சபையாரே, 1706 ஜூலை 9ஆம் நாள் நம் கரையில் இரண்டு வாலிபர்கள் இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, மற்றவர் ஹென்றி புளூட்சோ. இருவரையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். கோட்டையில் பறந்ததும் அதே அரசரின் கொடிதான். அப்படியிருந்தும் கோட்டைத் தலைவர் முகம் கொடுக்கவில்லை. வியாபாரம் செய்யும் ஊரில் வேதம் எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

சரணங்கள்

1. பாய்மரக் கப்பலில் பலமாதம் – டேனிஷ்
மன்னவன் ஓலையைக் கையில்கொண்டு
வாய்மொழி அறியார் இருவர்வந்தார் – கோட்டை
வாசல் அவர்க்குத் திறக்கவில்லை.

2. திண்ணையில் பிள்ளைகள் நடுவமர்ந்து – சீகன்
பால்கையர் மணலில் விரல்பதித்தார்;
எண்ணெழுத் தறிந்தநம் வாத்தியாரே – அந்தப்
போதகர் தமக்கும் போதகரே! (அலைவாய்)

வசனம்

அந்த வாத்தியாருக்கு எழுபது வயது. தம் திண்ணைப் பள்ளியைப் பிள்ளைகளோடு சேர்த்து மிஷனெரியின் வீட்டுக்கே கொண்டுவந்தார். பல மொழி அறிந்த அழகப்பன் பொருள் சொல்லிக் கொடுத்தார். பண்டிகைதோறும் சீகன்பால்கு ஐயரின் படத்துக்கு மாலை போடுகிறோம்; போடத்தான் வேண்டும். ஆனால் அவர் வாயில் தமிழை வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அந்த இருவர் கிறிஸ்தவர்களாக இருந்தார்களா என்று கேட்டுக்கொண்டு நன்றியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆண்டவர் தம் வீட்டைக் கட்ட யாரை அழைத்தாரோ அவர்களெல்லாரும் நமக்கு முன்னோர்களே.

3. அடிமையென் றாண்டோர் விற்றுவாங்க – உரிமை
அற்றவர் ஐவர் முன்வந்தார்;
முடிபுனை வேந்தர் மக்களென – கர்த்தர்
முதலவர் தலையில் நீரைவார்த்தார்.

4. கோட்டைச் சிறையில் நான்குமாதம் – ஐயர்
கூண்டினில் இருந்தும் சோர்ந்ததில்லை;
பூட்டிய கதவின் உள்ளிருந்தே – நம்
பொன்தமிழ் வேதம் நினைந்திருந்தார். (அலைவாய்)

வசனம்

1707 மே மாதத்தில் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். குடும்பப் பெருமை பேசும்போது நாம் அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்தோ தொடங்குகிறவர்கள் இந்தச் சரணத்தை இன்னொரு முறை பாடட்டும். அடுத்த ஆண்டின் முடிவில் சீகன்பால்கு ஐயரைக் கோட்டைத் தலைவர் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் அடைத்தார். வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1711இல் முடித்தார்.

கும்மி (பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று)

ஈயம் உருக்கி எழுத்தடுக்கி – மையை
இட்டுத் துடைத்துத் தாள்பதித்து
ஆயிரத் தெழுநூற் றுப்பதினைந் தில்நம்
அச்சினில் வந்தது வேதமடி!

எழுத்துப் பெரிதாம், தாள்குறைவாம் – உடன்
இன்னும் சிறிதாய் வார்த்தனராம்;
பழுத்த அறிவினர் பாடுபட் டார்அந்தப்
பக்கம் புரட்டிப் படித்திடுவோம்!

பெண்ணுக் கெதற்குப் படிப்பென்ற நாளிலே
பெண்பிள்ளை தம்மையும் சேர்த்தனராம்;
கண்ணுக்கு மைபோல் எழுத்தினைக் காத்தவர்
கால்வழி நாங்களே, கும்மியடி!

(பிள்ளைகள் அமர்ந்ததும், தாளம் விளம்பமாக)

5. முந்திய கோயிலை அலைகொண்டது – அதன்
மூலையும் தூணும் மணல்தின்றது;
சிந்தை தளராமல் மீண்டெழுந்து – இராஜ
வீதியில் சிலுவை வடிவமைத்தார்.

6. கட்டி முடித்த கைகுளிர – ஐந்து
மாதமும் நிறையுமுன் உயிர்துறந்தார்;
பட்டிலும் பொன்னிலும் பள்ளியின்றிப் – பலி
பீடத் தருகே உறங்குகின்றார். (அலைவாய்)

வசனம்

பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11. ஐயர் மரித்தது 1719 பிப்ரவரி 23. அப்போது அவருக்கு 36 வயது. அவரோடு உழைத்த குருண்ட்லர் ஐயரும் இதே ஆலயத்திற்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். போதகர்கள் போனால் சபை கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்த இராஜநாயக்கன் உபதேசியாராக மாறி ஊர் ஊராக நடந்தார். கூடலூரில் ஆறுமுகம் என்று பிறந்தவர் 1733 டிசம்பரில் ஆரோன் ஐயராக அபிஷேகம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபைகளில் அவரே முதல் இந்தியப் போதகர்.

7. கூடலூர் பெற்ற குலமகனாம் – ஆரோன்
குருவென் றபிஷேகம் பெற்றபின்னர்
பாடும் தமிழ்வாய் பலிபீடத்தில் – திருப்
பந்தி பரிமாறக் கண்டதுவே!

8. கோட்டையில் கொடிகள் மாறினவே – விற்ற
கோமகன் வாங்கிய கோமகன் போனார்;
பாட்டெனும் செல்வம் மாறவில்லை – தமிழ்ச்
சபையென நாமே தலைநிமிர்ந்தோம். (அலைவாய்)

வசனம்

1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1919இல் நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் பெயரில் எழுந்தது. இவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. இனி வரும் சரணத்தில் உள்ளவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைப் பெண்கள் மட்டும் பாடவும்.

9. மணியை அடித்தவர் யாரறிவார்? – அப்பம்
மாவினைப் பிசைந்த கையெவர்கை?
துணியை வெளுத்தவர், சுண்ணமிட்டோர் – மழை
தூறலில் ஒழுகல் அடைத்துவைத்தோர்,

10. உபதேசி யாரின் பின்நடந்தே – ஊரார்
உரைத்தசொல் தாங்கிய மனையாளும்,
கபடின்றிக் கைப்பிடி அரிசியினைக் – கலயம்
நிறைத்த கிழவியும் நிறுவினரே! (அலைவாய்)

(இங்கே எல்லோரும் எழுந்து நிற்கவும். வாத்தியங்கள் நிற்கட்டும். சற்று நேரம் மௌனம். பிறகு ஒருவர் மட்டும் முகாரியில் விருத்தமாகப் பாட வேண்டும்.)

11. மார்கழிக் காலைக் கடல்புகுந்து – எங்கள்
மக்களைச் சுருட்டி எடுத்தநாளில்
யார்மதம் என்று கேட்டதில்லை – அந்த
அழுகைக்கு வேலி இருந்ததில்லை.

வசனம்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம் ஊர் மீனவர் தெருக்களில் மாண்டவர்களை இன்று ஜெபத்தில் நினைக்கிறோம். சபைப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களையும் நினைக்கிறோம். ஆலயத்தின் சேதத்தைப் பிறகு பழுதுபார்த்துவிட்டோம். வீட்டில் ஆள் குறைந்தவர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது. ஆதலால் இந்தச் சரணத்தை அடுத்த பண்டிகைகளிலும் சுருக்காமல் பாடும்படி சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மங்களம் (மத்யமாவதி, எல்லோரும்)

அடங்கென்று கடலை அதட்டியவர்க்கு மங்களம்
அடிமையின் ரூபம் எடுத்தவர்க்கு மங்களம்
மண்ணில் விரலால் எழுதியவர்க்கு மங்களம்
மரத்தச்சர் இல்லம் வளர்ந்தவர்க்கு மங்களம்
பிதாவுக்கும் சுதனுக்கும் தூயாவிக்கும்
சதாகாலம் ஜெயமங்களம், சுபமங்களம்.
ஆமென்.